வகுத்த வேறுபாட்டு அட்டவணை: கொடுத்த புள்ளிகள் வழியே பல்லுறுப்புக் கோவை அமைப்பது எப்படி?

நான்கு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே போகும் பல்லுறுப்புக் கோவையைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பலரும் உடனே a + bx + cx² + dx³ என்று எழுதி நான்கு சமன்பாடுகளைத் தீர்க்க உட்கார்ந்துவிடுவார்கள். விடை வரும், சந்தேகமில்லை. ஆனால் ஐந்தாவதாக ஒரு புள்ளி வந்து சேர்ந்தால் செய்த வேலை முழுவதும் வீண். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லெக்ராஞ்சி சூத்திரத்தைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். புதுப் புள்ளி வந்ததும் ஒவ்வொரு உறுப்பும் மாறிவிடும்.

நியூட்டனின் வகுத்த வேறுபாட்டு முறையில் இந்தத் தொல்லை இல்லை. புதுப் புள்ளிக்கு அட்டவணையில் ஒரு வரி, கோவையில் ஓர் உறுப்பு, அவ்வளவுதான் கூடும். பழையதில் ஓர் எண்கூட மாறாது. வெவ்வேறு நாட்களில் கவனித்த நிலைகளிலிருந்து இடைப்பட்ட ஒரு நேரத்தில் வால்மீன் எங்கே இருந்திருக்கும் என்று கணக்கிடுவதற்காக 1687இலேயே நியூட்டன் இந்த வழியைச் சொல்லிவிட்டார். வானம் தெளிந்த இரவுகளில் மட்டுமே கவனிக்க முடியும் என்பதால் அந்த நாட்களுக்கிடையே சமமான இடைவெளி இருக்காது. x மதிப்புகள் ஒழுங்கற்ற இடைவெளியில் இருந்தாலும் வேலை செய்வதுதான் இந்த அட்டவணையின் பலம்.

## கோவையை எந்த வடிவில் எழுதுகிறோம்

நம் எடுத்துக்காட்டுக்கு (1, 2), (3, 8), (4, 17), (7, 32) என்ற நான்கு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். இடைவெளிகள் 2, 1, 3. வேண்டுமென்றே சமமில்லாமல் எடுத்திருக்கிறேன்.

கோவையை இப்படி எழுதுவோம்:

```
P(x) = a0 + a1(x-1) + a2(x-1)(x-3) + a3(x-1)(x-3)(x-4)
```

ஒவ்வொரு உறுப்பிலும் அதற்கு முந்தைய புள்ளிகளின் காரணிகள் மட்டும் இருக்கின்றன. x = 1 என்று போட்டால் முதல் உறுப்பைத் தவிர எல்லாம் பூச்சியமாகிவிடும், ஆகவே a0 = 2. x = 3 என்று போட்டால் மூன்றாவதிலிருந்து எல்லாம் பூச்சியம். 8 = 2 + 2·a1 என்பதால் a1 = 3. இப்படியே ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு புதிய கெழுவைத்தான் முடிவு செய்கிறது. கடைசிப் புள்ளியான 7இன் காரணி கோவையில் எங்கும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். (x-7) என்று ஐந்தாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டு விழிப்பவர்களைத் தேர்வுத் தாள்களில் அடிக்கடி பார்க்கலாம்.

இந்தக் கெழுக்களை ஒவ்வொன்றாகப் பதிலியிட்டும் கண்டுபிடிக்கலாம். அதே வேலையைக் கழித்தல், வகுத்தல் என்ற இரண்டே செயல்களில் முடித்துத் தருவதுதான் அட்டவணை.

## அட்டவணையை நிரப்புதல்

பாடப்புத்தகங்களில் இந்த அட்டவணை முக்கோண வடிவில், இரண்டு வரிகளுக்கு நடுவே எண்கள் வருமாறு இருக்கும். அச்சில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கையால் போடும்போது எந்த x-ஐ எந்த x-இலிருந்து கழிப்பது என்று கண் தடுமாறும். அதனால் நான் எண்களை வரியோடு ஒட்டியே எழுதுவேன்:

| x | y | முதல் | இரண்டாம் | மூன்றாம் |
|---|---|---|---|---|
| 1 | 2 | | | |
| 3 | 8 | 3 | | |
| 4 | 17 | 9 | 2 | |
| 7 | 32 | 5 | −1 | −1/2 |

ஒரு கட்டத்தை நிரப்ப, அதன் இடப்பக்கத்தில் உள்ள எண்ணை எடுத்து, அந்த எண்ணுக்கு நேர் மேலே உள்ளதை அதிலிருந்து கழிக்க வேண்டும். வந்ததை x-களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். இப்படிக் கிடைப்பதுதான் வகுத்த வேறுபாடு. எந்த x-கள்? முதல் நிரலில் இந்த வரியின் x-இலிருந்து ஒரு வரி மேலே உள்ள x-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம் நிரலில் இரண்டு வரி மேலே உள்ளதை, மூன்றாம் நிரலில் மூன்று வரி மேலே உள்ளதைக் கழிக்க வேண்டும்.

முதல் நிரல் வெறும் சாய்வுதான்: (8−2)/(3−1) = 3, (17−8)/(4−3) = 9, (32−17)/(7−4) = 5. இதில் யாரும் தவறுவதில்லை.

இரண்டாம் நிரலில்தான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். 4 என்ற வரியில் (9−3)/(4−1) = 2 என்று வர வேண்டும். 9 என்ற சாய்வு 3-க்கும் 4-க்கும் இடைப்பட்டது, 3 என்ற சாய்வு 1-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. இரண்டும் சேர்ந்து 1 முதல் 4 வரை பரவியிருப்பதால், வகுக்க வேண்டியது அந்த முழு நீளமான 3-ஆல். பக்கத்து வரியைப் பார்த்து (4−3)-ஆல் வகுத்தால் 6 என்று வரும், அது தவறு. அதேபோல 7 என்ற வரியில் (5−9)/(7−3) = −1.

மூன்றாம் நிரலில் ஒரே ஒரு கட்டம்: (−1−2)/(7−1) = −1/2.

சம இடைவெளிக்கான முன்நோக்கு வேறுபாட்டு அட்டவணையைப் படித்துவிட்டு இதற்கு வருபவர்களிடம் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே வெறுமனே கழித்துக்கொண்டே போனால் போதும், வகுத்தலெல்லாம் கடைசியில் சூத்திரத்தில் வந்துவிடும். இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் வகுத்தாக வேண்டும்.

## கோவையை எழுதி மதிப்பைக் காணுதல்

y நிரலின் முதல் எண்ணிலிருந்து சாய்வாக இறங்கும் கோட்டில் உள்ள எண்களை எடுங்கள்: 2, 3, 2, −1/2. இவையே a0, a1, a2, a3.

```
P(x) = 2 + 3(x-1) + 2(x-1)(x-3) - (1/2)(x-1)(x-3)(x-4)
```

x = 5இல் மதிப்பு வேண்டுமென்றால் 2 + 12 + 16 − 4 = 26. இதைவிடக் குறைந்த பெருக்கலில் முடிக்க, கடைசிக் கெழுவிலிருந்து உள்ளிருந்து வெளியே வரலாம். −1/2-ஐ (5−4)-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் 1.5. அதை (5−3)-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டினால் 6. அதை (5−1)-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் 26.

தேர்வில் "x-இன் அடுக்குகளில் எழுதுக" என்று கேட்டால் விரித்து எழுதுங்கள். −0.5x³ + 6x² − 14.5x + 11 என்று வரும். கேட்காவிட்டால் விரிக்காதீர்கள். விரிப்பதில் குறி மாறிப்போகும் வாய்ப்பு அதிகம். அதோடு, புதுப் புள்ளியைச் சேர்க்கும் வசதியும் கையை விட்டுப் போய்விடும்.

## சரிபார்க்கக் கடைசிப் புள்ளியைப் பிடியுங்கள்

விடையைச் சரிபார்க்க x = 1 போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் a0-ஐத் தவிர எதுவும் சோதிக்கப்படுவதில்லை. மற்ற மூன்று கெழுக்களும் தாறுமாறாக இருந்தாலும் 2 என்றுதான் வரும். எல்லாக் கெழுக்களும் கலந்துகொள்ளும் ஒரே புள்ளி கடைசிப் புள்ளி. x = 7-க்கு உள்ளிருந்து கணக்கிட்டால் −1/2 × 3 + 2 = 0.5, பிறகு 0.5 × 4 + 3 = 5, பிறகு 5 × 6 + 2 = 32. தரவில் இருப்பதும் 32.

இங்கே பொருந்தாவிட்டால் ஒவ்வொரு புள்ளியாக மேலிருந்து இறங்கிப் பாருங்கள். முதன்முதலில் எந்தப் புள்ளியில் உடைகிறதோ அந்தப் புள்ளியோடு நுழைந்த கெழுவில்தான் கோளாறு. மேலே சொன்ன 6 என்ற தவறான கெழுவோடு x = 4 போட்டால் 2 + 9 + 6×3 = 29 வரும், 17 வராது. a2-இல் பிழை என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒன்று: y மதிப்பையே தவறாகப் படியெடுத்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. கோவை அந்தத் தவறான மதிப்பின் வழியாகவே ஒழுங்காகப் போய்வரும்.

## ஐந்தாவது புள்ளி வருகிறது

இப்போது (2, 7) என்ற புள்ளியும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். x = 2 என்பது 1-க்கும் 3-க்கும் நடுவே வர வேண்டியது. அதை நடுவில் செருக வேண்டுமோ என்ற தயக்கம் வரலாம். தேவையில்லை. வரிசை எப்படி இருந்தாலும் இறுதிக் கோவை மாறாது. அடியிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்:

| x | y | முதல் | இரண்டாம் | மூன்றாம் | நான்காம் |
|---|---|---|---|---|---|
| 7 | 32 | 5 | −1 | −1/2 | |
| 2 | 7 | 5 | 0 | −1 | −1/2 |

முதல் கட்டம் (7−32)/(2−7) = 5. மேலும் கீழும் எதிர்க்குறி என்பதால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அடுத்தது (5−5)/(2−4) = 0. பூச்சியம் வந்துவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிரல் முழுவதும் பூச்சியமானால்தான் அதற்கு மேல் உறுப்பு இல்லை என்று பொருள். ஒற்றைக் கட்டத்துக்கு அந்தப் பொருள் கிடையாது. அடுத்தது (0−(−1))/(2−3) = −1. கடைசியாக (−1−(−1/2))/(2−1) = −1/2.

பழைய கோவையோடு −(1/2)(x−1)(x−3)(x−4)(x−7) என்ற ஓர் உறுப்பைச் சேர்த்தால் வேலை முடிந்தது. 7இன் காரணி இப்போதுதான் உள்ளே வருகிறது. x = 5இல் இந்த உறுப்பின் மதிப்பு −1/2 × 4 × 2 × 1 × (−2) = 8. ஆக 26 என்றிருந்தது 34 ஆகிறது.

வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதில் நம்பிக்கை இல்லாவிட்டால் x-களை 1, 2, 3, 4, 7 என்று அடுக்கிப் புது அட்டவணை போட்டுப் பாருங்கள். சாய்வுகள் 5, 1, 9, 5. அடுத்த நிரலில் −2, 4, −1. அதற்கடுத்து 2, −1. கடைசியில் (−1−2)/(7−1) = −1/2. நடுவில் உள்ள எண்கள் பல வேறு, முடிவு ஒன்றே. கையால் போட்ட அட்டவணையைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. வேறு பாதையில் போவதால் அதே தவறை மறுபடி செய்யும் வாய்ப்பு குறைவு.

ஐந்தாவது புள்ளி (2, 7) என்பதற்குப் பதில் (2, 2) என்று இருந்திருந்தால், கடைசிக் கட்டம் சரியாகப் பூச்சியமாகியிருக்கும். P(2) = 2 என்பதால் அந்தப் புள்ளி ஏற்கெனவே நம் கோவையின் மேலேயே இருக்கிறது. புதிய கெழு என்பது, பழைய கோவை புதுப் புள்ளியில் எவ்வளவு தவறியது என்பதன் அளவு. இதை மனத்தில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

## பைத்தானில்

மேலே சொன்ன அட்டவணைக்கு இரட்டைப் பரிமாண அணி தேவையில்லை. ஒரே பட்டியலில் கீழிருந்து மேலாகத் திருத்திக்கொண்டே வந்தால் கடைசியில் சாய்வுக் கோட்டின் எண்கள் மட்டும் மிஞ்சும்.

```python
def coef(x, y):
    a = list(y)
    n = len(x)
    for k in range(1, n):
        for i in range(n-1, k-1, -1):
            a[i] = (a[i] - a[i-1]) / (x[i] - x[i-k])
    return a

def value(a, x, t):
    p = a[-1]
    for i in range(len(a)-2, -1, -1):
        p = p*(t - x[i]) + a[i]
    return p
```

`coef([1,3,4,7],[2,8,17,32])` என்பதற்கு `[2, 3.0, 2.0, -0.5]` வரும். உள் சுழற்சி பின்னோக்கி ஓடுவது கட்டாயம். முன்னோக்கி ஓடவிட்டால் `a[i-1]` ஏற்கெனவே மாறிப்போயிருக்கும். பைத்தான் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் தவறான விடையைத் தரும்.

## புள்ளி கூடினால் விடை மேம்படுமா?

26 சரியா, 34 சரியா? தரவு எங்கிருந்து வந்தது என்று தெரியாதவரை இதற்குப் பதில் இல்லை. ஆகவே உண்மை விடை தெரிந்த ஒரு சார்பை எடுப்போம்: வர்க்கமூலம். 1, 4, 9, 16 ஆகியவற்றின் வர்க்கமூலங்களை மட்டும் வைத்து √5-ஐக் கணிக்க முடிகிறதா பார்ப்போம்.

| x | √x | முதல் | இரண்டாம் | மூன்றாம் | நான்காம் |
|---|---|---|---|---|---|
| 1 | 1 | | | | |
| 4 | 2 | 1/3 | | | |
| 9 | 3 | 1/5 | −1/60 | | |
| 16 | 4 | 1/7 | −1/210 | 1/1260 | |
| 0 | 0 | 1/4 | −1/84 | 1/560 | −1/1008 |

கடைசி வரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். x = 5 என்று போட்டு ஒவ்வோர் உறுப்பாகக் கூட்டினால், இரண்டு புள்ளிகளோடு 2.3333, மூன்றோடு 2.2667, நான்கோடு 2.2540. உண்மையான √5 = 2.2361. ஒவ்வொரு படியிலும் நெருங்கிக்கொண்டே வருகிறோம். பிழை இப்போது 0.018.

√0 = 0 என்பதும் நமக்குத் தெரியுமே, அதையும் சேர்த்தால் என்ன? கடைசி வரி அதற்குத்தான். புதிய உறுப்பின் மதிப்பு (4)(1)(−4)(−11) × (−1/1008) = −0.1746. விடை 2.0794 ஆகிவிடுகிறது. பிழை ஏறக்குறைய ஒன்பது மடங்கு கூடிவிட்டது. கொடுத்த புள்ளியில் துளியும் தவறில்லை, கணக்கும் சரி. ஆனாலும் விடை கெட்டுப்போனது.

காரணம் வர்க்கமூலத்தின் வரைபடம் பூச்சியத்தில் செங்குத்தாக எழுவது. எந்தப் பல்லுறுப்புக் கோவையாலும் அப்படி எழ முடியாது. n-ஆம் வகுத்த வேறுபாடு என்பது, அந்தப் புள்ளிகள் பரவியுள்ள இடைவெளியில் எங்கோ ஓரிடத்தில் சார்பின் n-ஆம் வகைக்கெழுவை n!-ஆல் வகுத்ததற்குச் சமம். √x-இன் வகைக்கெழுக்கள் பூச்சியத்தை நெருங்க நெருங்க எல்லையில்லாமல் வளர்கின்றன. 0-ஐச் சேர்த்ததும் அந்த வளர்ச்சி நான்காம் கெழுவில் புகுந்துவிட்டது.

இந்த நிலைமையை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியும். ஒரு புள்ளியைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் கோவை அங்கே என்ன சொல்கிறது என்று பாருங்கள். நான்கு புள்ளிக் கோவை x = 0இல் 0.5714 என்கிறது, உண்மையோ 0. இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால், அந்தப் பக்கத்தில் சார்பு கோவை போல நடந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அதே கோவை 6.25இல் 2.5273 என்கிறது, உண்மை 2.5. இடைவெளி சிறியது, 5-க்குப் பக்கத்திலும் இருக்கிறது. 0-க்குப் பதிலாக இதைச் சேர்த்தால் √5-க்கு 2.2388 கிடைக்கிறது. பிழை 0.018இலிருந்து 0.0027-க்கு இறங்கிவிட்டது. ஆகவே மதிப்பு வேண்டிய இடத்துக்கு அருகில் உள்ள புள்ளிகளை முதலில் போட்டு, தூரத்தில் உள்ளவற்றைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைவிடச் சிறுத்துக்கொண்டே வந்தால் தொடரலாம். திடீரென்று ஓர் உறுப்பு பெருத்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவது நல்லது. மேலே உறுப்புகள் −0.0667, −0.0127 என்று சிறுத்து வந்து, 0-ஐச் சேர்த்ததும் −0.1746 என்று எகிறியதே, அதுதான் நிறுத்த வேண்டிய இடம்.

புள்ளிகளுக்கு வெளியே கோவையை நீட்டுவது இன்னும் மோசம். அதே நான்கு புள்ளிக் கோவையில் x = 25 போட்டால் 7 வரும். √25 எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

அளந்து எடுத்த தரவாக இருந்தால் இன்னொரு எல்லையும் உண்டு. வர்க்கமூலம் போலத் துல்லியமான மதிப்புகளாக இல்லாமல், ஒவ்வொரு y-யிலும் 0.1 வரை பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். x = 4இலும் x = 4.1இலும் இரண்டு அளவீடுகள் இருந்தால் அவற்றின் சாய்வில் மட்டும் 0.2/0.1 = 2 வரை பிழை வரலாம். அந்தப் பிழை அடுத்தடுத்த நிரல்களுக்கும் கடந்துபோகும். உயர் நிரல்களின் எண்கள் சிறுக்காமல் குறி மாறி மாறித் துள்ளினால் இதையும் சந்தேகிக்க வேண்டும். அத்தகைய தரவுக்கு எல்லாப் புள்ளிகள் வழியாகவும் போயே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காமல், மீச்சிறு வர்க்க முறையில் தாழ்ந்த படியுள்ள ஒரு கோவையைப் பொருத்துவதே சரி.